சம்சு குடிக்கும் அப்பாவுக்குக் குழப்பம்: பி மாத்திரை போதுமா?

“அப்பா தினமும் சம்சு. மூணு நாளா தள்ளாடுறார், கிழமைகூட தெரியல. வைட்டமின் பி மாத்திரை வாங்கவா?”

மாத்திரை போதாதுங்க, இன்றைக்கே பினாங்கு பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மது ஊறிய குடல் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐச் சரியாக உறிஞ்சாது. சோறும் குறைந்தால் உடலின் இருப்பு சில வாரங்களில் தீரும். தயமின் இல்லாமல் மூளை சர்க்கரையைச் சக்தியாக்க முடியாது, நினைவைப் பதியவைக்கும் பகுதி சாகத் தொடங்கும். அதனால் ரத்தக்குழாய் வழியாக ஊசிதான்; வழக்கமாக 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, சில நாள்கள். குளுக்கோஸ் ஏற்றினால் அதற்கு முன்போ கூடவோ தயமின் போக வேண்டும்.

“போதை தெளியட்டும்” என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறார், கருவிழி ஆடுகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். ஊசி போட்டால் கண் சீக்கிரம் சரியாகும்; தாமதித்தால் மறதி பெரும்பாலும் நிரந்தரமாகிவிடும்.