திரவ அழுத்தம் பாடம்: கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

கேள்வி: பி.எட் கற்பித்தல் பயிற்சிக்காக ஈரோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குப் போகிறேன். எட்டாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டில் திரவ அழுத்தம் எடுக்க வேண்டும். "கொஞ்சம் விளக்கு, ஒரு கேள்வி கேளு, மறுபடி விளக்கு" என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். இதை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

முதலில் தலைப்பை ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள். நான் எடுத்துக்கொள்வது இது: ஒரே திரவத்துக்குள் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்து மாறும், மொத்தம் எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறாது. பாஸ்கல் விதி, மிதத்தல், காற்றழுத்தம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஒரு பீரியடில் இந்த ஒன்று நிலைத்தாலே பெரிது. ஏனென்றால் வாக்கியத்தின் பின்பாதியைப் பிள்ளைகள் மனதார நம்புவதில்லை. தண்ணீர் அதிகம் என்றால் அழுத்தமும் அதிகம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைச் சோதிக்கும் கேள்வியை ஸ்லைடு செய்வதற்கு முன்பே எழுதிவிடுங்கள். என்னுடையது இது:

பவானிசாகர் அணையில் ஓரிடத்தில் தண்ணீர் 100 அடி ஆழம். உங்கள் தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் 100 அடி உயரத்துக்கு நிற்கிறது. அடியில் தண்ணீரின் அழுத்தம் எங்கே அதிகம்?
1. அணையில்
2. போர்வெல்லில்
3. இரண்டிலும் சமம்

தவறான விடைகளைச் சும்மா இடம் நிரப்பப் போடக் கூடாது. முதல் விடையைச் சொல்பவன் தண்ணீரின் மொத்த அளவைப் பார்க்கிறான். இரண்டாவதைச் சொல்பவள் குறுகலான இடத்தில் தண்ணீர் நெருக்கும் என்று நினைக்கிறாள். ஓஸ் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சி விளையாடிய அனுபவம் அது. எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்று பார்த்தாலே எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். "அழுத்தத்தின் அலகு என்ன?" என்ற கேள்வி இந்த வேலையைச் செய்யாது. "புரிஞ்சுதா?" என்பதற்கு "புரிஞ்சுதுங் சார்" என்று வகுப்பே கோரஸ் பாடும், அதிலும் ஒன்றும் தெரியாது.

சரி, இந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், அகலம் கணக்கில் வராது, அவ்வளவுதான். ஆகவே இரண்டு சிறு விளக்கங்கள் போதும். ஒவ்வொன்றையும் ஐந்தாறு நிமிடத்தில் முடிக்கலாம்.

முதல் விளக்கத்துக்கு வழக்கமான பிளாஸ்டிக் பாட்டில் சோதனை. மேலே, நடுவே, கீழே மூன்று துளைகள். தண்ணீர் ஊற்றும் முன்பே "எந்தத் துளையிலிருந்து தண்ணீர் வேகமாகப் பாயும்?" என்று கேட்டு விடை வாங்கிவிடுங்கள், அப்புறம் திறங்கள். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பாட்டிலை மேசை நடுவில் வைத்தால், நடுத் துளைத் தண்ணீர்தான் தூரமாக விழும். கீழ்த் துளையில் வேகம் அதிகம்தான், ஆனால் பாய்வதற்குள் மேசையைத் தொட்டுவிடும். படத்தில் ஒன்று, கண்ணெதிரே வேறொன்று என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? பாட்டிலை மேசையின் விளிம்பில் வைத்து, தண்ணீர் தரையில் உள்ள அகலமான தட்டில் விழும்படி செய்யுங்கள். விழும் உயரம் போதுமான அளவு இருந்தால் கீழ்த் துளைத் தண்ணீரே தூரம் போகும். முந்தைய நாளே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது விளக்கம்தான் பாடத்தின் உயிர். ஒரு வாளி, ஒரு ஒல்லியான கண்ணாடி டியூப். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர். அடியில் ஒரு குழாயால் இணைத்து, நடுவில் கிளிப் போட்டிருக்கிறோம். கிளிப்பை எடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? வாளியிலிருந்து டியூபுக்கு என்று நிறையக் கை எழும். எடுத்தால் எந்தப் பக்கமும் ஓடாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைப் பார்த்த பிள்ளைகள் இங்கே விழித்துக்கொள்வார்கள்.

ஓடவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும். தரையில் ஒரு சதுர அடி வரைந்து, அதன் மேல் 100 அடித் தண்ணீர்த் தூண் நிற்பதாக நினைக்கச் சொல்லுங்கள். ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28 கிலோ. தூண் மொத்தம் 2,800 கிலோ. அணையில் இப்படிக் கோடிக்கணக்கான தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் அடியில் இருக்கும் சதுர அடிதான் தாங்குகிறது. போர்வெல்லில் ஒரு முழுத் தூணுக்குக்கூட இடமில்லை. தாங்கும் பரப்பும் அதே அளவு சின்னது. ஒரு சதுர அங்குலத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் இரண்டும் ஒன்றே. P = hρg என்ற சூத்திரத்தை இதற்குப் பிறகு எழுதினால், அதில் அகலத்துக்கு எழுத்தே இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

இப்போது அணைக் கேள்வியைத் தனி ஸ்லைடாகப் போடுங்கள். விடையோ சூத்திரமோ அதே திரையில் இருக்கக் கூடாது. ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், நெஞ்சோடு ஒட்டி, விடை எண்ணை விரலால் காட்ட வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய ஒரு வழக்கம் இங்கே கைகொடுக்கும். சரியான விடை ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் வந்தால் சுருக்கமாகக் காரணம் சொல்லி நகரலாம். 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பிள்ளைகளைப் பேச விட்டுப் பயனில்லை, தவறைத் தவறால் உறுதிசெய்வார்கள்; தூண் விளக்கத்துக்கே திரும்புங்கள். இடையில் இருந்தால் விடையைச் சொல்லாமல், வேறு விரல் காட்டியவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காது கொடுங்கள். "டேம்ல தண்ணி அத்தனை இருக்குதில்ல, எப்படிடா சமமாகும்?" "அத்தனை தண்ணிக்கும் அடியில நெலமும் அத்தனை இருக்குதல்லடா" என்று பேச்சு போகும். நாம் பத்து நிமிடம் சொல்வதைவிட இது நன்றாக ஏறும். பிறகு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள்.

40 நிமிடப் பீரியடில் கடைசி ஐந்து நிமிடத்தை இன்னொரு கேள்விக்கு ஒதுக்குங்கள். அணைக் கேள்வியின் விடையை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இதில் தெரிந்துவிடுவார்கள். மாடியில் 500 லிட்டர் டேங்க் இருக்கிறது. கீழ்வீட்டுக் குழாயில் அழுத்தம் கூட வேண்டும். அதே இடத்தில், அதே உயர நீர்மட்டத்தோடு, அகலமான 1,000 லிட்டர் டேங்க் வைப்பதா, இருக்கும் டேங்கையே 10 அடி உயர்த்துவதா? இதில் "குழாய் மூடியிருக்கும்போது" என்ற சொற்களை மறக்காமல் சேருங்கள். இல்லையென்றால் சொட்டுநீர் போட்ட தோட்டத்துப் பிள்ளை ஒருவன், "பெரிய பைப் போட்டாலும் தண்ணி நல்லா வருதுங்களே" என்பான். அவன் சொல்வதும் சரிதான். தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவரின் உராய்வும் சேர்ந்துகொள்ளும், அது வேறு பாடம்.