பத்து நிமிடம் பொறுத்து ராக்கெட்டை விட்டால் என்ன?

கேள்வி: அடுத்த மாதம் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். விண்வெளி நிலையத்துக்கு ஆட்கள் போகும் ராக்கெட்டை நேரில் பார்க்க ஆசை. மழை வந்தால் கொஞ்ச நேரம் காத்திருந்து விடுவார்களா, அன்றைக்கே திரும்பிவிட வேண்டியதுதானா?

பதில்: திரும்பிவிடுங்கள். அடுத்த வாய்ப்பு மறுநாளோ அதற்கும் பிறகோதான்.

2020 மே 27 அன்று டிராகன் கலம் முதல்முறை மனிதர்களுடன் கிளம்ப இருந்தது. நேரம் மாலை 4:33. மின்னல் அபாயத்தால் 17 நிமிடம் முன்பு நிறுத்தினார்கள். இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் வானிலை சரியாகியிருக்கும். ஆனாலும் காத்திருக்கவில்லை.

விண்வெளி நிலையம் சுற்றும் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்த ஒரு பெரிய வளையம். வளையம் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, அதற்கு அடியில் பூமி சுழல்கிறது. ஏவுதளம் அந்த வளையத்துக்கு நேர் கீழே வரும் நொடியில் கிளம்பினால்தான் ராக்கெட் அதே தளத்தில், அதாவது அந்த வளையம் படிந்திருக்கும் சாய்வான பரப்பில், போய்ச் சேரும். ஒரு நாளில் இது இரண்டு தடவை நடக்கிறது. ஒரு தடவை தென்கிழக்காகப் போக வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் தீவுகளும் மக்களும் இருப்பதால் அதைத் தொடுவதில்லை. ஆக, மிஞ்சுவது ஒன்றுதான்.

பத்து நிமிடத் தாமதத்தில் பூமி 2.5 டிகிரி திரும்பிவிடும். ராக்கெட் போய்ச் சேரும் தளம் நிலையத்தின் தளத்திலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி விலகியிருக்கும். கேட்கச் சின்னதுதான். ஆனால் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கலத்தின் திசையை அந்த அளவு திருப்ப, நொடிக்கு சுமார் 260 மீட்டர் வேகமாற்றம் வேண்டும். 200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 400-க்கு ஏறுவதற்கே அதில் பாதிகூட ஆகாது. பழைய ஷட்டில் கொஞ்சம் எரிபொருள் செலவழித்து முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வரை சமாளித்தது. டிராகனைச் சுமக்கும் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு அந்த வசதியும் கம்மி. அதன் திரவ ஆக்சிஜனை வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்வித்து, கடைசி 35 நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள். காத்திருந்தால் சூடேறிவிடும்.

அந்த டிராகன் மே 30 பிற்பகல் 3:22-க்குக் கிளம்பியது. மூன்று நாளில் 71 நிமிடம் முன்னால் வந்திருக்கிறது, இல்லையா? பூமியின் புடைத்த நடுப்பகுதி இழுப்பதால் அந்த வளையமும் தினமும் மேற்கே சுமார் 5 டிகிரி நகர்கிறது. அது 20 நிமிடம். ஒரு நாளைக்குள் பூமி ஒரு முழுச் சுற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுழல்வதால் இன்னும் 4 நிமிடம். ஆக, தள்ளிப் போனால் நாளுக்கு 24 நிமிடம் முன்னதாகக் கணக்குப் போடுங்கள். இடையில் ஒன்றிரண்டு நாள் விடுபடலாம். தளம் பொருந்தினாலும் நிலையம் அந்த வளையத்தில் எட்டிப் பிடிக்கத் தோதான இடத்தில் இருக்க வேண்டுமே.

கோள்களுக்குப் போகும் கலம் என்றால் கணக்கு வேறு. வியாழனுக்குப் போகும் யூரோப்பா கிளிப்பர், மில்டன் புயலால் 2024 அக்டோபர் 10-ஐத் தவறவிட்டும் 14-ஆம் தேதி கிளம்ப முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் இருந்தன. நீங்கள் பார்க்கப் போவதற்கு அன்றைய நொடி மட்டுமே. பயணத்தில் ஏவும் நாளுக்குப் பின் நான்கைந்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.