பில்லை மச்சான் கொடுத்தால்…

கேள்வி: திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நம் பின்னலாடைத் துறையில் நாலு பேரைச் சேர்த்துவைக்கும் ஆளாக வர வேண்டும் என்று ஆசை. 15 பேரை ஓட்டலுக்கு அழைத்து மாதம் ஒருமுறை கூடிப் பேசினோம். பில்லை, பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் என் மச்சான் கொடுத்துவிடுவார், அவரும் உட்காருவார். மூன்றாம் மாதம் 4 பேர்தான் வந்தார்கள். எங்கே தவறு?

பதில்: தம்பி, மச்சானை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள், விஷயமே அவர்தான். போன வாரம் எந்த லாட் ரிஜெக்ட் ஆனது, எந்த யூனிட் ஏமாற்றியது என்று பேசத்தான் உங்கள் ஆட்கள் வருகிறார்கள். ஜாப் ஒர்க் ஆர்டர் தேடுகிறவர் பில்லைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தால் எவன் வாய் திறப்பான்? பஜ்ஜியைத் தின்றுவிட்டு, மார்க்கெட் டல்லாக இருக்கிறது என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவான். மச்சானுக்கு உதவுவது உங்கள் கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை, ஆனால் அதை அவர் சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் செய்யுங்கள். நம்பி வந்தவர்களை அவருக்கு வாடிக்கையாளராகப் பிடித்துக்கொடுப்பது உறவுக்கும் அழகில்லை, தொழிலுக்கும் அழகில்லை.

அடுத்து, 15 பேர் என்பது கூட்டம். மேசைக்கு 6 பேர், மிஞ்சினால் 8, அதற்கு மேல் போனால் மேசையின் இரண்டு முனையிலும் இரண்டு பேச்சு நடக்கும். ஒரே பையரின் ஆர்டருக்கு ஓடும் இரண்டு பேரை ஒன்றாகக் கூப்பிடாதீர்கள். அவரவர் பில்லை அவரவர் கொடுக்கட்டும். சனிக்கிழமை சம்பள நாள், மாசக் கடைசி ஷிப்மெண்ட், இரண்டும் வேண்டாம்.

வருகிறவர்களிடம் முந்தின நாளே, இப்போது கையைக் கடிக்கும் ஒரு சிக்கலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்வார், சிங்கிள் ஜெர்சி டி-சர்ட் துவைத்ததும் பக்கத் தையல் முன்னால் திருகிக்கொண்டு வருகிறது, காம்பாக்டிங்கில் இழுத்து நேராக்கியும் அடுத்த துவையலில் பழையபடியே ஆகிறது என்று. அவருக்கு அந்த மேசையில் வேண்டியது இன்னொரு மெர்ச்சண்டைசர் இல்லை, நூல் முறுக்கையும் நிட்டிங் மெஷினில் எத்தனை ஃபீடர் ஓடுகிறது என்பதையும் பார்க்கத் தெரிந்த ஃபேப்ரிக் ஆள். அவரைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பதுதான் உங்கள் வேலை. விலையும் பையர் பெயரும் மேசைக்கு வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் நீங்கள் குறைவாகப் பேசுங்கள்.

மறுநாள் காலை சிக்கலைச் சொன்னவர், ஃபேப்ரிக் ஆள் இரண்டு பேரிடமும் தனித்தனியாக "நம்பர் கொடுக்கலாமா" என்று கேளுங்கள், இருவரும் சரி என்றால் மட்டும், யார் எதற்கு என்று இரண்டு வரி எழுதி இணைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த லாட் என்ன ஆனது என்று போன் போட்டு விசாரியுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த போனைத்தான், அடுத்த மாதம் கூப்பிட்டால் வருவார்களா மாட்டார்களா என்பதும் இதில்தான் தெரியும்.

மச்சானிடம் இன்றைக்கே, உங்கள் தங்கையோ அக்காவோ அவர் வீட்டில் இருந்தால் அவர்கள் எதிரிலேயே சொல்லுங்கள். மூன்று மாத பில் எவ்வளவு என்று கேட்டு அதையும் கையில் கொடுத்துவிடுங்கள்.