குழிந்த நகமும் தினசரி வலி மாத்திரையும்

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வருடமாக விரல் நகங்கள் பிளந்து உடைகின்றன. நீளவாக்கில் கோடுகள், சிலவற்றில் வெள்ளைப் புள்ளிகள். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் நகம் நடுவில் பள்ளமாகிவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இணையத்தில் படித்துவிட்டு கால்சியமும் பயாட்டின் 10 மில்லிகிராமும் நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன், பலன் இல்லை. மற்றபடி மூட்டுவலிக்குத் தினமும் ஒரு வலி மாத்திரை மட்டும்தான், அது பல வருடப் பழக்கம். சிறுநீரகம் கெட்டுவிட்டதா, புற்றுநோயா என்று பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: 'மற்றபடி' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் என்றால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் அவரைக் கேளுங்கள். இப்போதைக்கு மூட்டுவலிக்குப் பாரசிட்டமால் போதும்.

கோடுகளை விட்டுவிடுங்கள். நீளவாக்கில் ஓடும் கோடு, வயதாக ஆகத் தோலில் விழும் சுருக்கத்தைப் போன்றது. வெள்ளைப் புள்ளி எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம். நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். கால்சியம் குறைந்தால் வருவது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. நுனி பிளப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கை ஓயாமல் நனைந்து காய்வதும் சோப்புத் தூளும் நகப்பூச்சை அழிக்கும் திரவமும்தான். இவற்றை வைத்துச் சிறுநீரகம் வரை போய்ப் பயந்திருக்க வேண்டாம்.

பள்ளம் அப்படியல்ல. விரலைச் சமமாக நீட்டி, நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல நகத்தில் அது வழிந்துவிடும். கரண்டி போல் குழிந்த நகத்தில் தேங்கி நிற்கும். கரைப்பான் திரவங்களில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் இப்படிக் குழியலாம். கைக்குழந்தைகளின் கால் நகத்தில் இது இயல்பு. ஆனால் 54 வயதில், மூச்சு வாங்கலோடு சேர்ந்து வந்தால், நான் முதலில் தேடுவது இரும்புச்சத்துக் குறைபாட்டை.

அது இருப்பது உறுதியானால், அடுத்த கேள்விதான் முக்கியமானது: இரும்பு எங்கே போயிற்று? மாதவிலக்கு உள்ள பெண்ணிடம் இதற்கு விடை பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உங்களுக்கு அந்த வழி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. உங்கள் வயதில் உணவை மட்டும் குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது மருத்துவம் ஆகாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

'மலத்தில் ரத்தம் போகவில்லையே' என்பீர்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் சாதாரணமாக ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். ஆக, தினமும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் ரத்தம் கசிந்தால் போதும், வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். மலம் கறுப்பாகத் தெரிய இதைப்போல் பத்து மடங்காவது கசிய வேண்டும். அதனால் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமலே கையிருப்பு கரையும். வலி மாத்திரை இரைப்பையில் உண்டாக்கும் புண் பல நேரம் வலிப்பதுகூட இல்லை.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். 61 வயது, அவருக்கும் இரண்டு விரல்களில் இதே பள்ளம். சோர்வுக்கு இரும்பு டானிக்கைத் தானே வாங்கிக் குடித்தார். ஹீமோகுளோபின் 9-இலிருந்து 12-க்கு ஏறியது; சரியாகிவிட்டது என்று நிறுத்தினார். சில மாதங்களில் பழையபடி இறங்கியது. மறுபடி டானிக், மறுபடி ஏற்றம். ஒரு வருடம் இப்படிக் கழிந்த பிறகே என்னிடம் வந்தார். கொலோனோஸ்கோபியில், பெருங்குடல் தொடங்கும் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது. அங்கே மலம் இன்னும் கூழாகவே இருப்பதால் அடைப்பும் ஏற்படவில்லை, கலந்துபோன ரத்தமும் தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. டானிக் அவருடைய ரத்தத்தை நிரப்பியது, நோயை மறைத்தது.

உங்கள் விஷயத்தில் வலி மாத்திரை தந்த புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஊகத்தோடு நிறுத்தக் கூடாது. ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே அது இறங்கிவிடும். மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. உடலில் வேறு அழற்சி இருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், 15-க்குச் சற்று மேலே இருந்தாலும் நான் விட்டுவிட மாட்டேன். குறைபாடு உறுதியானால் இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் வேண்டும். இரைப்பையில் புண் கிடைத்துவிட்டது என்று குடலைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே பயாட்டினை நிறுத்துங்கள். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம்தான். நீங்கள் விழுங்குவது அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். அந்த அளவு ரத்தத்தில் இருந்தால் தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் முடிவே தவறாக வரும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட அது ஏமாற்றும். நகத்துக்கு நல்லது என்று இதை அள்ளி விற்பவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்வதே இல்லை. உங்கள் கால்சியம் மாத்திரையும் நகத்துக்கு உதவாது; இரும்போடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உள்ளே போவதையும் தடுக்கும்.

ரத்தம் எடுக்கும்வரை இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். மருத்துவர் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாலும் சரியே. தேநீர், காபியிலிருந்து விலக்கி எடுங்கள். கொலோனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டும். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். நகத்தைப் பார்த்து அளக்காதீர்கள். அது மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும்; பள்ளம் முழுதாக மறைய ஆறு மாதமாவது ஆகும்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், அது கெட்டியாகவே இருக்கும். தார் போல் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தம். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.