ஆங்கில வழி வகுப்பில் தமிழ்: எந்த இடத்தில், யார் வாயில்?

கேள்வி: எங்கள் பள்ளியில் பாடநூல் ஆங்கிலம், பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னால் புரிகிறது என்கிறார்கள், தேர்வில் கோட்டை விடுகிறார்கள். வகுப்பில் மொழி கலந்து பேசுவதை நிறுத்திவிட வேண்டுமா?

கலந்து பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை. வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை நிறுத்தினால் போதும். ஏற்காட்டில் நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியராக இருக்கும் நான், ஆங்கில வழிப் பிரிவில் பல ஆண்டுகள் அந்தத் தவற்றைச் செய்தவன் என்பதால், எனக்கு எங்கே பிசகியது என்பதைச் சொல்கிறேன்.

புத்தகத்தின் ஆங்கில வரியை உரக்கப் படிப்பேன், உடனே தமிழில் சொல்வேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒரு நாள் தொண்டைக் கட்டு. ஆங்கில வரியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒரு பிள்ளையின் கண்ணும் புத்தகத்தின் பக்கம் போகவில்லை; எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து தமிழ் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஆங்கிலத்தைக் கவனிக்க எந்தப் பிள்ளைக்கும் காரணம் இல்லை. வகுப்பில் இருமொழி நடந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காதில் நடந்தது ஒருமொழிப் பாடம்.

தேர்வில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம். ‘சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்’ என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 5 − 12 என்று எழுதியிருந்தார்கள். அதே பிள்ளைகளிடம் ‘12-லிருந்து 5-ஐக் கழி’ என்றால் ஒருவரும் தவறு செய்யவில்லை. தமிழ் வாக்கியத்தில் 12 முன்னால் வருகிறது, 5 பின்னால் வருகிறது. எழுத வேண்டிய 12 − 5 என்ற வரிசையும் அதுவே. ஆங்கிலத்தில் 5 முன்னால் வந்துவிடுகிறது. பிள்ளை தமிழ்ப் பழக்கத்தில் இடமிருந்து வலமாக, கண்ணில் பட்ட வரிசையில் எழுதிவிடுகிறது.

நான் மொழிபெயர்த்தபோது இந்த வரிசை மாற்றத்தை அவர்களுக்காக நானே செய்து கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வியில் கடினமான வேலை கழித்தல் அன்று, வரிசையைத் திருப்புவதுதான். அந்த வேலையைப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் ஆண்டு முழுவதும் கழித்தவர்கள் தேர்வறையில் முதன்முறையாகத் தனியாக அதைச் சந்தித்தார்கள்.

எண்களாக இருந்தால் 5-இலிருந்து 12 போகாதே என்று சிலராவது விழித்துக்கொள்வார்கள். இயற்கணிதத்தில் அந்தக் காவலும் கிடையாது. ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்றால் x − 5. பிள்ளைகள் கூசாமல் 5 − x என்று எழுதுகிறார்கள். நடுவே ஓர் ‘இஸ்’ சேர்ந்து ‘ஃபைவ் இஸ் லெஸ் தேன் எக்ஸ்’ ஆகிவிட்டால் 5 < x. தமிழில் ‘x-ஐ விட 5 குறைவான எண்’ என்பதும் ‘5 என்பது x-ஐ விடச் சிறியது’ என்பதும் கேட்ட மாத்திரத்தில் வேறு வேறு. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு ஒரு சிறு சொல்லில் ஒளிந்திருக்கிறது.

இப்போது இத்தகைய வாக்கியம் வந்தால் நான் முதலில் வாயைத் திறப்பதில்லை. இருவர் இருவராக அமர்ந்து ஆங்கில வரியைப் படித்து, என்ன கேட்கிறது என்று தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ள மூன்று நிமிடம் தருகிறேன். பிறகு ஓர் இணை எழுந்து தன் பேச்சுத் தமிழிலேயே சொல்லும். அதைத் திருத்தாமல் கரும்பலகையில் ஆங்கில வரிக்குக் கீழே எழுதுவேன். மேலே உள்ள 5-இலிருந்து கீழே உள்ள 5-க்கும், மேலே உள்ள 12-லிருந்து கீழே உள்ள 12-க்கும் கோடு போடச் சொல்வேன். முதல் தடவை கோடு போட்ட சிறுமி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே, “சார், கோடு குறுக்கால போவுது” என்றாள். பாடம் அங்கேதான் நடந்தது. அதற்கு மேல் நான் விளக்கியிருந்தால் கெடுத்திருப்பேன். கடைசியாக வேலையைத் திருப்பிவிடுவேன்: x − 7 என்று மட்டும் எழுதிப் போட்டு, அதற்கு ஓர் ஆங்கில வாக்கியம் அவர்களே அமைக்க வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் முடிக்காவிட்டால் இந்த முறைக்குப் பயனில்லை.

ஒரு மொழியில் உள்வாங்கி மற்றொரு மொழியில் வெளிப்படுத்தும் இந்தத் திட்டமிட்ட ஏற்பாட்டைத்தான் வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994-இல் விவரித்தார். டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று இன்று சொல்லப்படும் கருத்து அங்கிருந்து வளர்ந்தது. பேச்சின் நடுவே மொழி மாறுவதைக் குறிக்கும் கோட் ஸ்விட்சிங் என்ற சொல் நான் முன்பு செய்ததற்கும் பொருந்தும், இப்போது செய்வதற்கும் பொருந்தும். ஆகவே வகுப்பில் யார் மொழி மாறுகிறார், எந்த வேலைக்காக மாறுகிறார் என்று கேட்பதே எனக்கு உபயோகமாக இருந்தது.

தமிழ் எப்போதும் துணைக்கு வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பின்னத்தில் அது நேர்மாறு. நாம் ‘மூன்றில் இரண்டு’ என்கிறோம். 3 முன்னால் வந்துவிடுவதால் சில பிள்ளைகள் 3/2 என்று எழுதுகிறார்கள். ‘டூ பை த்ரீ’ என்ற வகுப்பறை ஆங்கிலம்தான் மேலிருந்து கீழாக எழுதும் 2/3-க்குப் பொருந்துகிறது. இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. ‘டினாமினேட்டர்’ புரியாத பிள்ளைக்குப் ‘பகுதி’ என்று சொன்னால் புரிந்துவிடும் என நினைக்கிறோம். மலைக்கிராமத்திலிருந்தும் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைக்குப் பகுதி என்றால் இடம். தொகுதி என்றால் தேர்தல். பாடநூல் தமிழும் அவர்களுக்கு வீட்டு மொழி அன்று. அரைக் கிலோ மிளகு, முக்கால் கிலோ மிளகு என்ற பேச்சில் தொடங்கி, எத்தனை சம பங்காக்கினோம், அதில் எத்தனை எடுத்தோம் என்று போனால் ‘டினாமினேட்டர்’ என்ற சொல்லையே நேராகக் கற்றுக்கொள்கிறார்கள். இடையில் பகுதி தேவைப்படுவதில்லை.

இந்த முறைக்கு நேரம் பிடிக்கும். அதனால் வரையறைகளுக்கும் நேரடியான கணக்குகளுக்கும் இதைச் செய்வதில்லை; சொல் வரிசை இரு மொழிகளிலும் மாறும் வாக்கியங்களுக்கு மட்டும் செய்கிறேன். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, ஆங்கில வழி வகுப்பில் இவ்வளவு தமிழ் சத்தமா என்று கடிந்துகொண்டதும் உண்டு. பிள்ளைகள் எழுதிய ஆங்கில வாக்கியங்களைக் காட்டினேன், அவர் சமாதானம் ஆகவில்லை.

எனக்குத் தீராத இடம் ஒன்று இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் ஒரே வகுப்பில் இருந்த ஆண்டில் அவர்களை ஓர் இணையாக அமர்த்தினேன். ஒடியாவில் பேசிக்கொண்டார்கள், எனக்கு ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும், அவர்கள் எழுதிய x − 5-ஐ வைத்துப் பேச்சு சரியாகப் போனதா என்று அறிய முடிந்தது. மறு ஆண்டு ஒருவன் மட்டும் எஞ்சினான். எங்கள் தமிழ்க் கலந்துரையாடல் அவனுக்கு ஆங்கிலத்தைப் போலவே அந்நியம். எண்கோடு வரைந்து சமாளித்தேன், பேசித் தெளியும் வாய்ப்பை அவனுக்குத் தர முடியவில்லை.

உங்கள் பிள்ளைகளின் சிக்கல் எது என்று அறிய, விடைத்தாளில் 5 − x என்று எழுதியவரை அழைத்து, அந்த ஆங்கில வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘x-லேர்ந்து அஞ்சு கொறையணும்’ என்று சரியாகச் சொல்லிவிட்டால் வரிசையைத் திருப்புவதில்தான் தடுமாற்றம். கோடு போடும் பயிற்சி ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தரும். தமிழிலும் தவறாகச் சொன்னாலோ, சொல்லத் தெரியாமல் நின்றாலோ, அவருக்கு ‘லெஸ் தேன்’ என்ற தொடரே பிடிபடவில்லை. கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தத் தொடரிலிருந்து தொடங்குங்கள்.