நண்பனின் ஸ்டார்ட்அப்பில் 5 லட்சம் போடலாமா?

"காலேஜ் நண்பன் ஒருவன் போன வருஷம் கம்பெனி ஆரம்பித்தான். 5 லட்சம் போட்டால் 0.5% பங்கு தருகிறேன் என்கிறான். என் சேமிப்பு மொத்தம் 30 லட்சம், வீட்டில் நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன். போடலாமா? அவசரம் வந்தால் எடுத்துக்கொள்ள முடியுமா?"

5 லட்சம் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால் 1 லட்சத்தோடு நிறுத்துங்கள். அதையும் போட்ட அன்றே உங்கள் கணக்கிலிருந்து அழித்துவிடுங்கள். அவசரத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது.

நான் 2015-லிருந்து 2022 வரை 11 ஸ்டார்ட்அப்களில் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று லட்சம், எல்லாம் சேர்த்து 27 லட்சம். ஆறு கம்பெனிகள் மூடப்பட்டன. அதில் ஒருவர் மட்டும் மிச்சமிருந்ததைப் பிரித்து எனக்கு 40,000 ரூபாய் அனுப்பினார். ஒரு கம்பெனி விற்கப்பட்டும் எனக்கு எதுவும் வரவில்லை, அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். ஒன்றில் போட்ட 3 லட்சம் 4.2 லட்சமாகத் திரும்பியது. ஒன்றே ஒன்றில் 2.5 லட்சம் போட்டு, ஏழு வருஷம் கழித்து உள்ளே வந்த ஒரு பெரிய முதலீட்டாளருக்கு விற்று 19 லட்சம் எடுத்தேன். மீதி இரண்டு கம்பெனிகள் இன்னும் நடக்கின்றன, ஆனால் அந்தப் பங்குகளை விற்க வழியில்லை. இதுவரை கைக்கு வந்தது 23.6 லட்சம். பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

என் தேர்வு மோசம் என்று இதைப் படித்துவிட வேண்டாம். இந்தத் தொழிலின் கணக்கே இப்படித்தான். அமெரிக்காவில் குழுவாகச் சேர்ந்து போடும் தனிநபர் முதலீட்டாளர்களைப் பற்றி 2007-ல் ராபர்ட் வில்ட்பேங்க் ஓர் ஆய்வு வெளியிட்டார். முடிவுக்கு வந்த 1,137 முதலீடுகளைப் பார்த்ததில் 52% போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. வந்த மொத்தப் பணத்தில் முக்கால் பங்கு வெறும் 7% முதலீடுகளிலிருந்து வந்தது. அந்த 7% எது என்று போடும்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளில் பரப்பிப் போடுகிறார்கள். ஒரே ஒரு செக் எழுதுகிறவருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது அந்த 52% பக்கம்தான்.

உங்கள் நண்பனின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு 0.5% என்றால் பணம் உள்ளே வந்தபின் கம்பெனியின் மதிப்பு 10 கோடி என்று அவன் சொல்கிறான். கம்பெனி வளர வளர அடுத்தடுத்து பணம் திரட்டும். மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் கம்பெனியின் 20% புதிதாகப் பணம் போடுபவர்களுக்குப் போகிறது என்று வையுங்கள். உங்கள் 0.5% முதலில் 0.4, பிறகு 0.32, கடைசியில் 0.256% ஆகிவிடும். இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, வளர்ச்சிக்குப் பணம் வாங்கினால் எல்லாருடைய பங்கும் இப்படிக் கரையும். அதன்பின் கம்பெனி 100 கோடிக்கு விற்கப்பட்டால் உங்களுக்கு 25.6 லட்சம் வரும். ஐந்து மடங்கு, சந்தோஷமான செய்திதான்.

ஆனால் நீங்கள் பத்துக் கம்பெனிகளில் ஐந்தைந்து லட்சம், ஆக 50 லட்சம் போட்டவர் என்றால்? ஏழு மூடிப்போகின்றன, இரண்டு போட்ட பணத்தை மட்டும் தருகின்றன, ஒன்று மேலே சொன்னபடி 100 கோடிக்குப் போகிறது. மொத்தம் வருவது 35.6 லட்சம். நூறு கோடிக் கம்பெனி ஒன்று கையில் இருந்தும் 14 லட்சத்துக்கு மேல் நஷ்டம். அந்த ஒரே கம்பெனியால் 50 லட்சமும் திரும்பி வர வேண்டுமானால் அது 195 கோடிக்கு மேல் போக வேண்டும். 'நல்லா வந்துடும்' என்று நண்பன் சொல்லும்போது எவ்வளவு நன்றாக வர வேண்டும் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

அதனால் தொகையைத் தீர்மானிக்கும் வரிசையும் மாற வேண்டும். நண்பன் எவ்வளவு கேட்கிறான் என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு வருஷச் செலவுக்கான பணம், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்தபின் மிஞ்சுவதில், முழுசாகப் போனாலும் வீட்டில் எதுவும் மாறாத தொகை எவ்வளவு? உங்கள் 30 லட்சத்தில் அது அதிகபட்சம் 3 லட்சம் என்பேன். அதைப் பத்தாகப் பிரித்தால் கம்பெனிக்கு 30,000. அவ்வளவு சின்னத் தொகையை நல்ல கம்பெனி எதுவும் வாங்காது. ஒவ்வொரு பங்குதாரரிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டும் என்று அவர்கள் தயங்குவது நியாயம்தான். ஆகவே உங்கள் நிலையில் ஸ்டார்ட்அப் முதலீடு என்ற ஒன்றே இன்னும் சாத்தியமில்லை. நீங்கள் செய்யப்போவது நண்பனுக்கு உதவி. உதவி என்று பெயர் வைத்தால் தொகை தானாகக் குறையும்.

பணத்தை எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். 2019-ல் அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு 4 லட்சம் தேவைப்பட்டது. அப்போது என்னிடம் இருந்த ஒரு கம்பெனியின் பங்கு, கடைசி ரவுண்டு விலைப்படி 12 லட்சம். நிறுவனரைக் கூப்பிட்டேன். "அக்கா, ஆர்ட்டிகிள்ஸ்ல, அதான் கம்பெனியோட விதிமுறைல பாருங்க, போர்டு சம்மதம் இல்லாம வெளியாளுக்கு விற்க முடியாது. முதல்ல இருக்கிற பங்குதாரர்களுக்குத்தான் கொடுக்கணும், அவங்க யாரும் இப்ப வாங்குற நிலைமைல இல்ல. அடுத்த ரவுண்டு வரட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுத்த ரவுண்டு 14 மாதம் கழித்து வந்தது. புதிதாக வந்தவர், தன் பணம் முழுதும் கம்பெனிக்குள்தான் போக வேண்டும், பழைய பங்குதாரர் கைக்கு அல்ல என்று சொல்லிவிட்டார். அம்மாவின் ஆபரேஷன் என் வளையலையும் ஆரத்தையும் பேங்க்கில் அடகு வைத்துத்தான் நடந்தது. மேலே சொன்ன, இன்னும் விற்க முடியாத இரண்டில் ஒன்று அந்தக் கம்பெனிதான்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதன் சட்ட அர்த்தத்திலேயே பங்கைக் கைமாற்றுவதற்குத் தடை இருக்கிறது. பங்கைக் கைமாற்றும் SH-4 படிவம் நிரப்பினால் போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் படிவத்தில் வாங்குபவர் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்தான் கிடைப்பதில்லை. ஏழிலிருந்து பத்து வருஷம் என்று மனதில் வைத்துக்கொண்டு போடுவதுதான் முறை.

இப்போது விற்கப்பட்டும் பணம் வராத அந்தக் கம்பெனி. 2016-ல் 6 கோடி மதிப்பில் 3 லட்சம் போட்டேன், எனக்கும் 0.5%. சாதாரண ஈக்விட்டிப் பங்கு. 2018-ல் ஒரு ஃபண்ட் 10 கோடி போட்டது. அவர்கள் வாங்கியது, பின்னால் கட்டாயமாக ஈக்விட்டியாக மாறும் முன்னுரிமைப் பங்கு, சுருக்கமாக சிசிபிஎஸ். கம்பெனி விற்கப்பட்டால் போட்ட 10 கோடியை முதலில் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மீதிதான் மற்றவர்களுக்கு என்பது ஒப்பந்தம். 2021-ல் கம்பெனி 9 கோடிக்கு விற்கப்பட்டது. நான் நுழைந்த விலையைவிட ஒன்றரை மடங்கு! ஆனால் 9 கோடியும் ஃபண்டுக்குப் போனது. எனக்கும் இல்லை, ஐந்து வருஷம் ராப்பகலாக உழைத்த நிறுவனர்களுக்கும் இல்லை. என்னிடமும் அதே வரிசையில் நிற்கும் சிசிபிஎஸ் இருந்திருந்தால் சுமார் 2.69 லட்சம் வந்திருக்கும். அதனால் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வகைப் பங்கு என்று கேளுங்கள். நண்பன் ஈக்விட்டிதான் தருவேன் என்றால், தோற்கும் கம்பெனியில் மட்டுமல்ல, சுமாராக ஜெயிக்கும் கம்பெனியிலும் உங்கள் பணம் போகும்.

போடுவது என்று முடிவு செய்தால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். முதலில் அது பிரைவேட் லிமிடெட்தானா என்று பாருங்கள், எல்எல்பி என்ற கூட்டாண்மை வகை அமைப்பில் பங்கு என்பதே கிடையாது. பணம் அனுப்பும் முன் உங்கள் பெயரிட்ட PAS-4 சலுகைக் கடிதம் வர வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து, இதற்கென்று கம்பெனி வைத்திருக்கும் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். 'மச்சான், இப்போதைக்கு என் ஜிபே-க்குப் போடு, ஷேர் அப்புறம் பண்ணிக்கலாம்' என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அது பங்கு ஆகாது, கைமாற்றுக் கடன்தான். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் PAS-3 படிவத்தை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். mca.gov.in தளத்தில் சிறு கட்டணம் கட்டி அந்தப் படிவத்தை நீங்களே இறக்கிப் பார்க்கலாம். அதன் இணைப்பில் இருக்கும், பங்கு ஒதுக்கப்பட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் உங்களிடம் பங்கு இல்லை. என் இரண்டாவது முதலீட்டில் எட்டு மாதம் பெயர் வராமல் இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

வரியில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டியலிடப்படாத பங்கு கையில் இருந்தால் ITR-1 போட முடியாது, ஒவ்வொரு வருஷமும் ITR-2-ல் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். மூடிக் கிடக்கும் கம்பெனி முறைப்படி கலைக்கப்படாமல் இழுத்தால் உங்கள் நஷ்டத்தைக் கணக்கில் எடுப்பதும் தள்ளிப்போகும்.

நண்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இன்றைக்கு வங்கியில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு செலவாகிறது? இருப்பு ஆறு மாதச் செலவுக்குக் கீழே இருந்தால் உங்கள் 5 லட்சம் வளர்ச்சிக்குப் போகாது, அடுத்த மாதச் சம்பளத்துக்குப் போகும். நான் போட்டு மூடப்பட்ட ஆறு கம்பெனிகளில் நான்கு அப்படித்தான் முடிந்தன. மாதக் கடைசியில் நிறுவனர் நிலவரம் சொல்லி அனுப்பும் மெயில் முதலில் தாமதமாகும், பிறகு அதில் வங்கி இருப்பு எண் மட்டும் காணாமல் போகும், பிறகு மெயிலே வராது. எண்ணைத் தயங்காமல் சொல்கிற நண்பனாக இருந்தால், சிசிபிஎஸ் ஆகத் தருவதாக இருந்தால், 1 லட்சம் கொடுங்கள். 1 லட்சம் போதாது என்றால் அவனுக்கு இரண்டு வாடிக்கையாளர்களை அறிமுகம் செய்து வையுங்கள். என்னிடம் பணம் வாங்கிய நிறுவனர்களில் பலர் அதைத்தான் பெரிய உதவியாகச் சொன்னார்கள்.