சிறு மாதிரியில் விளைவளவு: ஆய்வு மாணவர் கேள்விகள்

வாசிப்புப் பயிற்சி பெற்ற 12 பேர், பெறாத 10 பேர். பின்தேர்வுச் சராசரி 34, 29. திட்ட விலக்கம் 6, 7. எனக்கு விளைவளவு d 0.77 வருகிறது. நெறியாளர் ‘ஹெட்ஜஸ் திருத்தம் செய்’ என்கிறார். ஏன், எப்படி?

நெறியாளர் சொல்வது சரி. d கணக்கில் வகுக்கும் எண்ணாக நிற்பது இரு குழுவுக்கும் பொதுவான திட்ட விலக்கம். ஆட்கள் குறைவாக இருக்கும்போது அது உண்மை அளவைவிடச் சிறிதாக வந்துவிடுவதே அதிகம். சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகும். அதனால்தான் சிறு மாதிரியில் d சராசரியாகக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. ஹெட்ஜஸ் 1981-இல் தந்த திருத்தத்தின் எளிய வடிவம் இது:

```
J = 1 - 3/(4*df - 1)
g = J * d
```

df என்பது கட்டின்மைக் கூறு, உங்களுக்கு 12 + 10 − 2 = 20. J 0.96. ஆக, திருத்திய விளைவளவான g 0.74. அதோடு நிறுத்தாதீர்கள், 95% நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள். உங்கள் தரவுக்கு அது ஏறக்குறைய −0.1 முதல் 1.6 வரை. பூஜ்யமும் உள்ளே இருக்கிறது, மிகப் பெரிய விளைவும் உள்ளே இருக்கிறது. திருத்தம் 0.03-ஐக் குறைத்தது, இந்த அகலத்தை அது தொடவே இல்லை. ‘திருத்திவிட்டேன், இனி நம்பகமானது’ என்று எழுதாதீர்கள்.

மென்பொருள் தந்த g-ஐ J-ஆல் பெருக்கி 0.72 என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தவறு. இரண்டு முறை திருத்தியிருக்கிறீர்கள். R மொழியில் உள்ள `metafor` தொகுப்பின் `escalc`, `measure="SMD"` என்று கொடுத்தாலே திருத்திய மதிப்பைத்தான் தரும். கருவியின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பெருக்குங்கள்.

எத்தனை பேர் இருந்தால் திருத்தத்தை விட்டுவிடலாம்?

மொத்தம் 10 பேர் என்றால் திருத்தம் 10% அளவுக்கு. 20 பேர் என்றால் 4%. 50 பேருக்கு மேல் 2% கூட இல்லை. ஆனாலும் விடாதீர்கள். எந்த அளவிலும் g எழுதுவதால் நஷ்டமில்லை. நாளை தொகுப்பாய்வு செய்பவருக்கு உங்கள் எண் எது என்ற குழப்பமும் இருக்காது.

p 0.09 வந்தது. g எவ்வளவு?

குழுவில் எத்தனை பேர் என்றே எழுதவில்லை. சராசரி இல்லை, திட்ட விலக்கமும் இல்லை. p-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இரு குழுவின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள். ஆய்வேட்டிலும் இந்த மூன்றும் இல்லாமல் g எழுதாதீர்கள்.

முன்தேர்வு, பின்தேர்வு இரண்டும் உண்டு. மதிப்பெண் உயர்வின் திட்ட விலக்கத்தால் வகுத்தேன். g 1.2 வந்தது. ‘மிகப் பெரிய விளைவு’ எனலாமா?

கூடாது. கல்வி ஆய்வேடுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இதுதான். சிறு மாதிரியால் வரும் 4% மிகையைத் திருத்த அக்கறையோடு சூத்திரம் போடுகிறார்கள். அதே பக்கத்தில் விளைவை ஒன்றரை மடங்கு ஊதிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரே மாணவரின் இரு தேர்வுகளுக்கும் இடையே ஒட்டுறவு 0.8 என்று வையுங்கள். நல்ல வாசிப்புத் தேர்வில் இது சாதாரணம். இரு தேர்விலும் திட்ட விலக்கம் 6.5. அப்போது உயர்வின் திட்ட விலக்கம் 6.5 × √(2 × 0.2), அதாவது 4.1 தான். குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் அதே 5 மதிப்பெண். 6.5-ஆல் வகுத்தால் 0.77, 4.1-ஆல் வகுத்தால் 1.2. பிள்ளைகள் கூடுதலாக ஒரு சொல்லும் படிக்கவில்லை. அளவுகோல் மட்டும் சுருங்கியிருக்கிறது. ஒட்டுறவு 0.5-ஐத் தாண்டினாலே இந்த ஊதல் தொடங்கிவிடும்.

இதனால் கெடுவது உங்கள் ஏடு மட்டுமல்ல. பின்தேர்வின் விலக்கத்தால் வகுத்த இன்னொருவரின் 0.77-க்குப் பக்கத்தில் உங்கள் 1.2-ஐ வைத்து, ‘இந்த முறையே சிறந்தது’ என்று யாராவது ஒரு பள்ளிக்குப் பரிந்துரைப்பார். இரண்டும் ஒரே அளவு விளைவு.

முன்தேர்வை வீணாக்கவும் வேண்டாம். அதை உடன்மாறியாக வைத்து, சரிசெய்த சராசரிகளின் வித்தியாசத்தை எடுங்கள். பின்தேர்வின் சரிசெய்யாத பொது விலக்கத்தால் வகுங்கள். பிறகு J-ஆல் பெருக்குங்கள். எந்த விலக்கத்தால் வகுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாத g-ஐ நான் பயன்படுத்துவதே இல்லை.

ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்குப் பயிற்சி, ‘ஆ’ பிரிவுக்கு இல்லை. g போதுமா?

போதாது. ஒரு பிரிவு, ஒரு ஆசிரியர் என்றால் பயிற்சியின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரிக்க வழியில்லை. J அதற்கு மருந்தல்ல. g-ஐயும் இடைவெளியையும் எழுதுங்கள், இடைவெளி உண்மையில் இன்னும் அகலம் என்றும் எழுதுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மாணவர்களைக் குலுக்கலில் பிரியுங்கள்.